செருப்பைத் திருப்பி வைக்கும் பாட்டு

என் செல்லக் குட்டிம்மாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே தெம்போடு இருக்க வேண்டும், ஆனால் சண்டை வேண்டாம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, குறைந்ததும் மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறிக் காட்டி மறுபடி வரவழைத்துக்கொண்டார். போன வாரம் போனில் நான் பாட்டு எழுதுகிற விஷயத்தைச் சொன்னதும் நீ சுள்ளென்று, ஏம்மா, முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில கைகட்டி நின்னது பத்தாதா, மறுபடியும் வேலைக்காரின்னு நீயே பாட்டு எழுதிக்கணுமா என்று கேட்டாய். இந்தம்மாவுக்கு வாயில் வராதது கையில்தான் வரும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், அவசரம் இல்லாமல் படி.

நடந்தது இதுதான். எங்கள் பிரார்த்தனைக் குழுவுக்குப் புது மண்டபம் கட்டி முடித்தார்கள் இல்லையா, திறப்பு நாளில் பாட ஒரு புதுப் பாட்டு வேண்டும், சாமிக்குப் பக்கத்தில் நின்று ஊழியம் செய்கிறவர் பாடுவது போல இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று பாட்டு டீச்சர் சொன்னார். ஊழியம் என்றால் நம்மைத் தவிர யாருக்குத் தெரியும் என்று நான் கையைத் தூக்கிவிட்டேன். முதலில் எழுதினது முழுக்க நான் தூசு, நான் துரும்பு, நான் புழு, நான் பாவி. டீச்சர் பென்சிலை எடுத்து எண்ணினார், பதினெட்டு ‘நான்’ இருந்தது. என்னக்கா, சாமியைப் பத்தி ஒரு வார்த்தையும் காணோமே, எல்லாம் உங்களைப் பத்தியே இருக்கே என்று சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. வார்டில் ஒருத்தி இருந்தாள், எதற்கெடுத்தாலும் நான் ஒண்ணுமே இல்லம்மா, நான் ஒண்ணுமே இல்லம்மா என்பாள், பாத்திரம் மட்டும் கழுவாமலே கிடக்கும். அவள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். இரண்டாவது தடவை நான்களையெல்லாம் எடுத்துவிட்டு, அப்பா முழங்கால், உன் பதவி உயர்வு, தண்ணீர்க் குழாய் ரிப்பேர் எல்லாவற்றையும் சாமியிடம் கேட்டு எழுதினேன். அதுக்குப் பேரு மனு அக்கா, மாசச் சம்பளம் கேக்குற மாதிரி இருக்கு, கூடவே இருக்குற வேலையாள் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், என்னை வேலையிலிருந்து அனுப்பிடாதேன்னு, அவ்வளவுதான் என்றார் டீச்சர். அப்புறம், என்ன வேலை என்பதைச் சொல்லுங்கள், பொதுவாகச் சேவை சேவை என்றால் பாட்டு நிற்காது, ஒரு வேலை, கை செய்கிற வேலை என்றார். விளக்குப் பிடிப்பது, விசிறி வீசுவது, பூத் தொடுப்பது எல்லாம் ஆயிரம் பேர் பாடியாகிவிட்டது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

நாலு நாள் ஒன்றும் வரவில்லை, குழம்பு அடிபிடித்ததுதான் மிச்சம். ஐந்தாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று ஆபரேஷன் தியேட்டர் வாசல் கண்ணில் வந்தது. டாக்டர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள், நான் ஒவ்வொரு ஜோடியாக வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைப்பேன், வெளியே வரும்போது குனியாமல் காலை நுழைத்துக்கொண்டு போகலாம். யாரும் சொல்லிக்கொடுத்த வேலை இல்லை, நானாகச் செய்தது. முகத்தைப் பார்க்காமலே செருப்பை வைத்து ஆளைச் சொல்வேன், கையில் எடுக்கும்போது சூடாக இருந்தால் இப்போதுதான் உள்ளே போயிருக்கிறார். செருப்பு இங்கே இருக்கிறது என்றால் ஆள் உள்ளேதான் இருக்கிறார், யார் வந்து சந்தேகமாகக் கேட்டாலும் அடித்துச் சொல்லலாம். குட்டிம்மா, அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் சாமியைப் பார்த்தவள் இல்லை, செருப்பைப் பார்த்தவள், வாசலில் இருக்கிறவளுக்கு அது போதும். மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுதினேன்.

வாசல் எனக்குப் போதும் ஐயா – நீ
வைத்த செருப்பே காவல் ஐயா

விட்டுச் சென்ற செருப்பில் இன்னும் வெதுவெதுப்பு ஆறவில்லை
தொட்டுத் திருப்பி வைத்த கையில் தூசு இன்னும் போகவில்லை

விட்டு, தொட்டு என்று இரண்டாம் எழுத்து ஒத்து வருகிறதா, வரி நடுவிலும் முதல் எழுத்தின் ஓசை திரும்ப வருகிறதா என்று டீச்சர் விரல் விட்டுப் பார்த்தார், வந்தது, அவர் கண் கலங்கியது. கடைசிச் சரணத்தில் கொஞ்சம் திட்டுங்கள் என்றும் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, சாமியையா என்றேன். ரொம்ப நாள் கூடவே இருந்த வேலையாளுக்கு அந்த உரிமை உண்டுக்கா, புதுசா வந்தவங்கதான் பயப்படுவாங்க என்றார். அதையும் எழுதினேன்.

நின்று நின்று கால் கடுக்குது நினைப்பு உனக்கு வரவில்லையா
இன்று கூட என்னைத் தாண்டி இன்னும் உள்ளே போவாயா

முடிக்கும் இடத்தில் பாட்டு எழுதினவர் தன் பெயரை வைப்பது வழக்கமாம். வாசலில் நிற்கிற ஆயா என்பதால் ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்ட ‘வாசலாயா’ என்பதையே வைத்தேன்.

அப்பா இதை ஊரெல்லாம் பாடித் திரிந்தார், தாளம் ஒரு பக்கம் இவர் ஒரு பக்கம். ஆனால் குழுச் செயலாளர் இருக்கிறாரே, பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். செருப்பு என்ற சொல் மண்டபத்தில் கேட்கக் கூடாது, தங்கப் பாதுகை என்று போடுங்கள், திட்டுகிற சரணத்தை எடுத்துவிடுங்கள், ஆயா என்று முடிப்பது நன்றாக இல்லை என்று சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தார். தங்கத்தில் செய்தது கழற்றிப் போட்ட சூட்டோடு இருக்குமா, அதைப் பெட்டியில்தானே பூட்டி வைப்பார்கள் என்றேன். அவர் எல்லோர் முன்னாலும், இத்தனை வருஷம் சொன்ன வேலையைச் செஞ்சவங்கதானே, இதையும் சொன்னபடி செய்யுங்க என்றார். பழைய நானாக இருந்தால் சரிங்கய்யா என்று காகிதத்தை வாங்கியிருப்பேன், கையும் நீண்டுவிட்டது. ஆனால் மூன்று வாரமாகப் பாட்டுக்குள்ளே இன்னொருவர் வாசலில் நின்று பழகியிருந்தேனே, வாய் தானாக வந்தது. நான் அவர் வேலைக்காரிங்கய்யா, அவர் சொன்னா மாத்துறேன், நீங்க சொன்னா மாத்த மாட்டேன் என்றேன். குரலை உயர்த்தவில்லை. டீச்சர் உடனே சுருதிப் பெட்டியைப் போட்டுப் பல்லவியைத் தொடங்கிவிட்டார், குழுவில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், செயலாளர் தண்ணீர் குடிக்கப் போவது போல வெளியே போய்விட்டார்.

திறப்பு நாளில் ஒரு எழுத்து மாறாமல் பாடினோம். செயலாளரும் வந்து கடைசி வரிசையில் நின்றார், கால் கடுக்குது என்ற வரி வந்தபோது அவர் உதடு அசைந்ததை அப்பா பார்த்தாராம். மனுஷனுக்கும் எங்கேயோ நின்று நின்று கால் வலித்திருக்கும், பாவம். நான் அவரிடம் அப்புறம் நன்றாகவே பேசினேன்.

நீ கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில் கண்ணு. என்னை யார் முன்னாலும் கைகட்டி நிற்க விடக் கூடாது என்று நீ ராப்பகலாகப் படித்தது எனக்குத் தெரியாதா, அந்தக் கோபம் என் சொத்து, அதைக் குறைத்துக்கொள்ளாதே. ஆனால் அந்த வேலை எனக்கு விதித்தது, இந்த வேலை நான் எடுத்துக்கொண்டது. அங்கே நின்றபோது தலை குனிந்தது, இங்கே நின்றபிறகுதான் நிமிர்ந்தது. இது எப்படி என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை, பாடினால் தெரிகிறது.

பாட்டை அப்பா பதிவு செய்து அனுப்புவார், நடுவில் கேட்கும் இருமல் அவருடையது. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, ஒருவர் முகம் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டு நூறு வயது இருக்க வேண்டும். கண்ணுக்குச் சொட்டு மருந்தை மறக்காமல் போட்டுக்கொள், கம்ப்யூட்டர் முன்னால் இமைக்காமல் உட்காராதே. போன வருஷம் வரைக்கும், என்னம்மா பண்றே என்று நீ கேட்டால் சும்மாதான் இருக்கேன் என்பேன் இல்லையா, இனி கேட்டுப் பார், வேலையில் இருக்கேன் என்பேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா