பதிவேட்டில் நான் மூன்று பேர்

ஜனவரி 9

மறுபடியும் ஐந்தாம் வகுப்பு. மூன்றாவது ஊர், மூன்றாவது ஐந்தாம் வகுப்பு. எனக்கு வயது பன்னிரண்டு. உட்கார்ந்தால் முட்டி மேசையில் இடிக்கிறது. பக்கத்தில் இருந்த வாண்டு என்னைப் பார்த்து எழுந்து வணக்கம் சொன்னது. டீச்சர் என்று நினைத்துவிட்டதாம். சிரித்து வைத்தேன். கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகரக் கொட்டகைக்கு வந்துதான் அழுதேன்.

ஜனவரி 10

அம்மாவிடம் இருப்பது சொந்த ஊரில் நான் நான்காவது முடித்த சான்றிதழ் மட்டும்தான். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கிறாள். எல்லா ஊரிலும் அதைத்தான் நீட்டுவோம். "அதுக்கப்புறம் எங்கயும் படிக்கலைங்க" என்பார் அப்பா. பொய். டி.சி. கேட்டால் வேலையை விட்டுப் போகிறோம் என்பது மேஸ்திரிக்குத் தெரிந்துவிடுமென்று, பழைய பள்ளிகளில் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினோம். டி.சி. இல்லாமல் அந்தப் பள்ளிகளின் பெயரை எப்படிச் சொல்வது?

ராத்திரி அம்மா சொன்னாள்: "இந்தத் தடவையும் அஞ்சாவதோட நின்னா, சித்தாள் வேலைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னு அப்பா சொல்றாரு."

ஜனவரி 23

நுணலும் தன் வாயால் கெடும். வேறு மாநிலத்திலிருந்து வந்த எங்களுக்கு மதியம் இந்த ஊர் மொழி சொல்லித்தர ஒரு டீச்சர் வருகிறார். தமிழ் பேசுவார். பின்னக் கணக்கை எல்லாருக்கும் முன்னால் முடித்துக் கொடுத்தேன். "இதை எங்க படிச்சம்மா?" என்றார். "முன்னாடி பள்ளிக்கூடத்துல" என்று உளறிவிட்டேன். ஐயோ.

பிப்ரவரி 4

தலைமை ஆசிரியை கணினியில் தேடியிருக்கிறார். என் பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி எல்லாம் அப்படியே, ஆனால் எண் மட்டும் வேறு வேறாக, இன்னும் இரண்டு பெண்கள். இருவர் பெயருக்கு நேராகவும் "இடைநின்றவர்". நாளை அப்பா வர வேண்டுமாம்.

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்களா? பொய் சொன்னதற்கு என்ன தண்டனை?

பிப்ரவரி 5

அப்பா சிமெண்ட் படிந்த சட்டையோடு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "தப்புதாங்க. புள்ளைய ஒண்ணும் செஞ்சிடாதீங்க."

தலைமை ஆசிரியை பேசியதை மதிய டீச்சர் தமிழில் சொன்னார்: "தப்பு பாதி உங்களுது, பாதி எங்களுது. டி.சி. இல்லேன்னாலும் வயசுக்கேத்த வகுப்புல சேர்க்கணும். அதை உங்களுக்கு யாருமே சொல்லலையே."

அப்பா அப்போதும் உட்காரவில்லை.

பிப்ரவரி 12

தலைமை ஆசிரியை கேட்டதும் முதல் பள்ளி மதிப்பெண்ணையும் வருகையையும் அனுப்பிவிட்டது. ஐந்து மாதம் வந்திருக்கிறேனாம்! இரண்டாவது பள்ளியில் போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள். எடுக்காமலே போனால்?

தமிழில் கேள்வித்தாள் கொடுத்துச் சோதித்தார்கள். கணக்கில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. இந்த ஊர் மொழியில் ஒன்பது. "கணக்கு ஓடுது, மொழிதான் நொண்டுது" என்றார் டீச்சர்.

பிப்ரவரி 27

இரண்டாவது பள்ளியும் அனுப்பிவிட்டது. மூன்று எண்ணும் ஒன்றாகிவிட்டன. ஏழாம் வகுப்பு! விட்டுப்போன ஆறாவது பாடங்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம், மொழிக்கு மதியம். முட்டி இடிக்கவில்லை.

மார்ச் 6

தளம் போட்டு முடிந்தது. சனிக்கிழமை வேறு ஊராம். மேஸ்திரியும் வேறாம். பரீட்சைக்கு இன்னும் இருபது நாள்.

அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிறாள். யாரும் பள்ளியைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அப்பா என்ன சொல்வார் என்று தெரியும். பயமாயிருக்கு. மறுபடியும் அந்தப் பிளாஸ்டிக் உறை. மறுபடியும் ஐந்தாவது. இல்லை, இந்தத் தடவை அதுகூட இல்லை, சித்தாள் சட்டிதான்.

மார்ச் 7

கணக்கு வகுப்பின் நடுவே வாசலில் அப்பா! அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டாராம். தலைமை ஆசிரியையைப் பார்த்து, "நாளைக்குக் கிளம்புறோங்க. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒரு அட்டை கொடுத்தார்கள். என் எண், வருகை, மதிப்பெண், எந்தப் பாடம் எந்தப் பக்கம் வரை முடிந்தது, எதில் உதவி வேண்டும். போகப்போகும் ஊரின் பள்ளிக்கு எங்கள் எதிரிலேயே போன் செய்து, திங்கட்கிழமை நான் வருவேன் என்று சொன்னார்கள். பரீட்சையை அங்கே எழுதலாமாம். சொல்வது சுலபம். அங்கே இருப்பவர்கள் எப்படியோ?

மார்ச் 10

வழியில் லாரி பழுதாகிவிட்டதால் இன்று, திங்கட்கிழமை மதியம்தான் வந்து சேர்ந்தோம். பள்ளிக்குப் போக முடியவில்லை. பயத்தில் அட்டையின் மூலையைக் கசக்கியே விட்டேன்.

மார்ச் 11

ஏழாம் வகுப்பு வாசலில் நின்றேன். உள்ளே பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கடைசியாக என் பெயர். கையைத் தூக்கினேன்.

டீச்சர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேராக, திங்கட்கிழமைக் கட்டத்தில், ஆப்சென்ட் போட்டிருந்தது.