வெள்ளை மாத்திரை இரண்டு, மஞ்சள் ஒன்று

தொயாமா
நவம்பர் 9, ஞாயிறு, காலை 10.20
மீதி: ஒரு மில்லிகிராம் 28, அரை மில்லிகிராம் 14

அன்புள்ள தாத்தா,

மேலே உள்ள எண்கள் அம்மா போனில் எண்ணிச் சொன்னவை. நாளொன்றுக்கு வெள்ளை இரண்டு, மஞ்சள் ஒன்று. பதினான்கு நாளைக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் உங்கள் ரத்தம் வேறு கணக்குச் சொல்கிறது. அது உறையத் தாமதமாகும் அளவு 1.6க்கு மேல் இருக்க வேண்டும். போன மாதம் 1.3, இந்த மாதம் 1.2. இப்படியே போனால் இதயத்தில் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்கு ஏறும்.

டாக்டர் வழக்கம்போல, "நத்தோ சாப்பிடலையே?" என்று கேட்டாராம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு அந்தப் பிசுபிசுத்த சோயா ஆகாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை முறித்துவிடும். தொடவே இல்லை என்று சொன்னீர்களாம். நம்புகிறேன்.

அப்படியானால் மிச்சம் தம்பி நவோகிதான். மாத்திரை அட்டையில் உங்கள் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தைப் படிப்பது பத்து வயதுப் பயல். 0.5 என்பதில் புள்ளியை விட்டிருப்பான்; ஒரு நாள் குறைத்துக் கொடுத்து மறுநாள் கூட்டிக் கணக்கை நேர் செய்திருப்பான். போனில் திட்டினேன். "பேரு, எண்ணு, ரெண்டையும் படிக்கிறேண்ணா. தாத்தா திருப்பிச் சொன்னப்புறம்தான் பிதுக்குறேன்" என்று அழுதான். நாளை முதல் அம்மாவே எடுத்து வைக்கட்டும்.

உங்கள் பேரன்,
மசாகி


யொகோதே
நவம்பர் 16

அருமை மசாகிக்கு,

உன் கடிதம் கண்டேன். சளி விட்டதா? தொழிற்சாலைச் சாப்பாட்டை நம்பி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இங்கே முள்ளங்கியைப் புகையில் தொங்கவிட்டாயிற்று; உனக்கும் அனுப்பச் சொல்கிறேன்.

டாக்டர் மாத்திரையைக் கூட்டி நான்கு மில்லிகிராம் ஆக்கிவிட்டார். உன் அம்மா வேலைக்குப் போகும் அவசரத்தில் கிண்ணத்தில் போட்டு வைத்துவிடுகிறாள். பெயர் சொல்ல ஆளில்லாமல் விழுங்குவது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

நவோகி கதவோரம் நின்று, "தாத்தா, நான் சரியாத்தானே படிச்சேன்? அண்ணன்கிட்ட சொல்லுங்களேன்" என்றான். நான் தேநீரைக் குடித்தேன். சின்னப் பையன், அவசரக்காரன். நீ கண்டித்ததில் தப்பில்லை. நாலு நாளில் மறந்துவிடுவான். நீயும் இதைப் பெரிதாக்க வேண்டாம்.

பனிக்கு முன் ஒருமுறை வந்து போ.

உன் தாத்தா,
குனிமத்சு


தொயாமா
ஜனவரி 25, ஞாயிறு

தாத்தா,

மூக்கில் ரத்தம் வடிவது நின்றுவிட்டதாக அம்மா சொன்னாள். நல்லது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அளவு 5.2. வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

1.2 எப்படி 5.2 ஆனது என்று டாக்டருக்குப் புரியவில்லை. உங்களைப் பார்க்க வந்த கடைக்கார ஒனோதேரா அம்மாதான் புரியவைத்தார். "மக பிரசவத்துக்குப் போயிட்டேன், ரெண்டு வாரம் கடை சாத்தியிருந்துச்சு. பெரியவருக்கு நத்தோ இல்லாம கஷ்டமா இருந்திருக்கும்" என்று என் அம்மாவிடம் சொல்லிப் பொட்டலத்தை நீட்டியிருக்கிறார். கோடையிலிருந்து தினமும் அவர் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிட்டீர்களாம்.

நத்தோ மருந்தை முறித்தது. அளவு குறைய, டாக்டர் மருந்தைக் கூட்டினார். கடை சாத்தியதும் முறிக்க ஒன்றுமில்லை. கூட்டிய மருந்து மொத்தமும் வேலை செய்தது. வால்வும் அழுத்தமும்தான் என் தொழில். எனக்கே இது தோன்றவில்லை, ஏனென்றால் உங்கள் வார்த்தையை நம்பினேன்.

நத்தோ விடமுடியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அதனோடு ஒத்துப்போகும் வேறு மாத்திரை கொடுத்திருப்பேன் என்கிறார் டாக்டர். இப்போது அதைத்தான் எழுதியிருக்கிறார். ஒரு வாய் உண்மை போதுமாக இருந்தது.

நீங்கள் தின்றதைக்கூட விட்டுவிடலாம். அந்தப் பையன் கதவோரம் நின்று உங்களைத்தான் கேட்டான். அவன் சரியாகப் படித்தான் என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். தேநீர் குடித்தீர்கள். பிறகு உட்கார்ந்து, அவன் அவசரக்காரன் என்று எனக்கு எழுதினீர்கள். என்னை வைத்தே அவனை அடித்தீர்கள். இரண்டு மாதமாக அவன் வகுப்பில் வாய்விட்டுப் படிக்க எழுந்திருப்பதில்லையாம். ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

இனி செய்யப்போவது:

1. சனிக்கிழமையன்று அதிகாலை ரயிலில் வருகிறேன்.
2. நவோகி முன்னால் தலை தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்பேன். நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள். உங்களுக்காக நான் எதுவும் சொல்ல மாட்டேன்.
3. ஒனோதேரா அம்மா சொன்னதை அவனிடம் அப்படியே சொல்வேன். "பெரியவங்க விஷயம்" என்று மறைக்க மாட்டேன்.
4. புது மாத்திரை அட்டையைப் படிக்கச் சொல்லி அவனைக் கேட்க மாட்டேன். வேண்டுமானால் நீங்கள் கேளுங்கள். அவன் மறுத்தால், கிண்ணத்தில் இருப்பதை விழுங்குங்கள்.
5. உங்களுக்காகப் பெரிய எழுத்தில் எழுதும் கடிதம் இதுவே கடைசி. இனி நவோகிக்கு எழுதுவேன், சாதாரண எழுத்தில். உங்களுக்குப் படித்துக் காட்டுவதா, வேண்டாமா என்பது அவன் இஷ்டம்.

மசாகி