ஐயா பெயர் கூப்பிடப் போகிறார்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்பதை மட்டும் நம்பவில்லை. எனக்கு ஒன்றுமில்லை, முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் ஆரம்பித்தால் "வேலையா இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய், அதனால்தான் கடிதம்.

உன்னோடு படித்த குண்டு, அச்சகம் வைத்திருக்கிறானே, அவன்தான் பழைய மாணவர் சந்திப்புக்கு நாயாய் அலைகிறான். எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொன்னால்தான் மண்டபமும் சாப்பாடும் ஏற்பாடு செய்ய முடியுமாம், ஒருத்தனும் பெயர் பதிய மாட்டேன் என்கிறான் என்று போன மாதம் நம் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து புலம்பினான். எல்லாருக்கும் போனில் அவன் அனுப்பிய அழைப்பைக் காட்டினான். "பசுமை மாறா நினைவுகளைப் பகிர்ந்திட அலைகடலெனத் திரண்டு வாரீர்" என்று இருந்தது. இதைக் கடைத் திறப்பு விழாவுக்கும் போடலாமேடா என்று கேட்டேன், பாவம், முகம் சுருங்கிப் போயிற்று. பஸ்ஸில் தொங்கிக்கொண்டே போனைப் பார்க்கிறவனுக்கு முதல் இரண்டு வரிதான் தெரியும், மற்றதைத் தொட்டுத் திறக்க மாட்டான், அதனால் அந்த இரண்டு வரியிலேயே பழசும் ஞாபகம் வர வேண்டும், தேதியும் இருக்க வேண்டும், ஏன் சீக்கிரம் என்பதும் தெரிய வேண்டும், பதிகிற இடம் அதற்கு அடுத்த வரியிலேயே இருக்க வேண்டும் என்றேன். அப்புறம் நானே எழுதிக் கொடுத்தேன். "'உள்ளேன் ஐயா' சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு? ஐயா மறுபடியும் பெயர் கூப்பிடப் போகிறார், பட்டியல் அச்சாக வேண்டும், பதினைந்தாம் தேதிக்குள் உங்கள் பெயரைக் கொடுங்கள்." நீ அதற்கு இதயம் போட்டிருந்தாயாம், குண்டு காட்டினான். அதை எழுதியது உன் அம்மா என்று உனக்குத் தெரிந்திருக்காது.

அது வெறும் ஜோடனையும் இல்லை. அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் பாதிதான் சொன்னேன். திரும்பி வராது, இருக்கிற வரைக்கும் பழகிய காரியத்தைச் செய்யவிடுங்கள் என்றார். உங்களுக்கெல்லாம் வாத்தியாராக இருந்தவருக்குப் பழகிய காரியம் வகுப்பில் பெயர் கூப்பிடுவதுதானே. பதிந்தவர்களின் பெயர்களைக் குண்டு பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தான். அப்பா தினமும் காலையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார். "இவன் ஜன்னலோரம் உக்காந்து தூங்குவான்", "இவ சாக்பீஸ் திங்கறவ" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. கடைசி வரை வாசித்துவிட்டு, "நம்ம பையன் பேரைக் காணோமே" என்று என்னைப் பார்ப்பார். வந்துவிடும் என்று சொல்லிவைப்பேன். உன்னிடம் கேட்டதற்கு, லீவு உறுதியாகட்டும், கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கே என்றாய்.

பிறகு குண்டு ஒரு காரியம் செய்தான், நல்ல எண்ணத்தில்தான். வெளிநாட்டுக்காரர்கள் கேட்டார்கள் என்று கடைசித் தேதியை நீட்டிவிட்டான். நீட்டாதே, நாள் இருக்கிறது என்றால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அதேதான் நடந்தது. முதல் வாரம் மளமளவென்று வந்த பெயர்கள் அப்படியே நின்றுபோயின. எல்லாரும் இதயம் போட்டார்கள், பெயர் போடவில்லை. ஆள் போதவில்லை என்று இப்போது விழாவையே இரண்டு மாதம் தள்ளிவைத்துவிட்டார்கள். "கூட்டம் சேர்ந்துடும்மா, கவலைப்படாதீங்க" என்கிறான். அவனைத் திட்டவும் மனசு வரவில்லை.

அப்பா இப்போதும் காலையில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். வாசிக்கிறார், ஆனால் யாரையும் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, சிரிப்பும் இல்லை. போன வாரம் நீ போன் பண்ணியபோது யாரோ பேசறாங்க என்று என்னிடம் நீட்டினாரே, அன்றிலிருந்து உன் பெயர் ஏன் இல்லை என்று கேட்பதையும் விட்டுவிட்டார். கேட்டபோது எரிச்சலாக இருந்தது, இப்போது கேட்க மாட்டாரா என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். விழா நாளில் அவர் மேடையில் உட்காருவார், பெயர் கூப்பிடுவார் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. நீ வருவாய் என்பதிலும் பெரிய நம்பிக்கை இல்லை, உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நல்லா இருடா கண்ணா, நோய்நொடி இல்லாமல் இரு, மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். ராத்திரி கண் விழிக்காதே. ஒன்றே ஒன்று மறக்காதே. விழாவுக்கு என்று காத்திருக்காமல் என்றைக்காவது வந்தால், வாசலில் நின்று அப்பா என்று கூப்பிடாதே, அது அவருக்கு எட்டுவதில்லை. அவர் வாசிக்கிற நேரமாகப் பார்த்து வா, கடைசிப் பெயர் முடிந்ததும் 'உள்ளேன் ஐயா' என்று சொல். நிமிர்ந்து பார்க்கலாம். பார்க்காமலும் போகலாம்.

இப்படிக்கு,
உன் பெயரைத் தாளின் அடியில் பென்சிலால் எழுதிவைத்திருக்கும்
அம்மா