டிரைவருக்கு மட்டும் குளோசப்

அன்புத் தங்கை சின்னுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் என் முதுகுவலியே என்னைப் பார்த்துச் சிரிக்கும், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். உன் கடிதம் கிடைத்தது. பதிலை வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். போனில் கூப்பிட்டால் உன் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நீயும் "ம்", "சரிக்கா" என்பதைத் தாண்டுவதில்லை.

பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு, நாங்கள் எழுதும் டிவி தொடரைப் பார்க்கிறாயாம். "அந்த ஆம்புலன்ஸ் டிரைவர் பண்றது அத்தனையும் தப்புன்னு தெரியுதுக்கா, ஆனாலும் மாட்டிக்கக் கூடாதேன்னு மனசு அடிச்சிக்குது, ஏன்னே தெரியலை" என்று எழுதியிருக்கிறாய். தெரியாமல் இருப்பதற்குத்தானடி எங்களுக்குச் சம்பளம்! கேட்டுவிட்டாய், சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதல் காட்சியில் அவன் என்ன செய்தான், நினைவிருக்கிறதா? நெரிசலில் சந்து சந்தாக வண்டியை விட்டு ஒரு பிள்ளைத்தாச்சியைக் காப்பாற்றினான். ரவுடிக் கும்பலுக்காகப் பிணத்தை மறைத்தது அதற்கப்புறம்தான். வரிசையை மாற்றியிருந்தால் முதல் நாளே நீ டிவியை அணைத்திருப்பாய். ஒருவரை முதலில் பிடித்துப்போய்விட்டால், பிறகு அவர் செய்கிற தப்புக்கு நாமே காரணம் தேடிக் கொடுப்போம். தப்பும் ஒரேயடியாக வராது. முதலில் ஒரு பொய், பிறகு ஒரு மறைப்பு, கொலையெல்லாம் ரொம்ப நாள் கழித்து. ஒவ்வொன்றும் போன தடவையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும், அதனால் எங்கே எழுந்து போவது என்று யாருக்கும் தெரியாது.

பக்கத்தில் அவனைவிட மோசமான ஒருத்தனை நிறுத்துவோம். குழந்தைகளுக்கே போலி மருந்து விற்கிற அந்தக் கும்பல் தலைவன் அதற்காகத்தான் இருக்கிறான். அவன் முன்னால் நம் டிரைவர் தங்கம். அப்புறம் அவனுக்கென்று ஒரு கட்டுப்பாடு, "சின்னப் பசங்க மேல கை வைக்க மாட்டேன்" என்பான். செய்த பிறகு ஒரு வருத்தம், அதையும் அளவாகத்தான் வைப்போம். குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவுவான், கண் சிவந்திருக்கும், அவ்வளவுதான். ரொம்ப அழுதால் சலிப்புத் தட்டும், அழாவிட்டால் மிருகமாகிவிடுவான். கேமரா எப்போதும் அவன் தோளுக்குப் பின்னால். கதவுக்கு வெளியே போலீஸ் நிற்கும்போது நீயும் அவனோடு உள்ளே ஒளிந்திருப்பாய். கூட ஒளிந்தவனைக் காட்டிக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

பார்க்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை, சின்னு. நாள் முழுக்க மேலதிகாரி முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, ஒருத்தன் யாருக்கும் தலை குனியாமல் நிற்பதைப் பார்த்தால் நெஞ்சு குளிரும். அதற்கு ஒரு செலவும் கிடையாது. டிவியை அணைத்துவிட்டால் அவன் நம் வீட்டுக்குள் வரமாட்டான்.

எல்லாவற்றுக்கும் மேலே, கதை எழுதும் எங்கள் அறையில் ஒரு சட்டம் உண்டு. அடிபடுகிறவருக்கு முகம் கொடுக்கக் கூடாது. செத்தவனின் வீட்டைக் காட்டக் கூடாது, அவன் என்ன சாப்பிடுவான், யார் காத்திருக்கிறார்கள் என்று எழுதவே கூடாது. அந்தச் சட்டம்தான் இந்த வாரம் உடைந்தது.

டிரைவர் ஆஸ்பத்திரி வாட்ச்மேனைக் கொல்கிற பாகம். நாங்கள் எழுதியதில் வாட்ச்மேனின் முதுகு மட்டும்தான் வரும். படப்பிடிப்பில் நேரம் மிஞ்சியதாம், எங்கள் டைரக்டருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. வாட்ச்மேன் மனைவியாக ஒரு துணை நடிகையை வரவழைத்து, எங்களைக் கேட்காமலே எடுத்துவிட்டார். சாப்பாட்டுப் பையோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறாள். கொன்றவனிடமே போய், "அண்ணே, எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா? சாப்பாடு ஆறிடும்" என்கிறாள். அவ்வளவுதான் வசனம்.

ஒளிபரப்புக்கு முன்னால் வெளியாட்கள் சிலரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவது வழக்கம். அவன் போலீசில் மாட்டப் போனபோதெல்லாம் "ஐயோ, ஐயோ" என்று பதறிய ஒரு அம்மா, அந்தக் காட்சி முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இவன் மேலயா நான் இத்தனை நாளும் பாவப்பட்டேன்?" என்றார். அதன் பிறகு அவன் என்ன சாகசம் செய்தும் அந்தக் கை பிரியவே இல்லை. சேனல்காரர் என்னைத் தனியாக அழைத்து, "மேடம், அந்தப் பொம்பளையத் தூக்கிடுங்க, அவன் திரும்ப நம்ம ஆளா ஆயிடுவான்" என்றார். எடிட்டிங் அறையில் நானே பக்கத்தில் உட்கார்ந்து எங்கே வெட்டுவது என்று காட்டினேன். சேனல்காரர் சொன்னது சரிதான். அவள் போனதும் அவன் மறுபடியும் பாவமாகத் தெரிந்தான், எனக்குக்கூட.

இடைவேளையில் காபியோடு உட்கார்ந்து உன் கடிதத்தை எடுத்தேன். ஆற அமரப் படிக்கலாம் என்றுதான் எடுத்தேன். காபியைக் குடிக்கவே முடியவில்லை.

நீ எழுதியதை நீயே ஒரு தரம் நினைத்துப் பார். முதல் பக்கம் முழுக்க அவர் பாப்பாவுக்குச் சைக்கிள் வாங்கித் தந்த கதை. பிறகு, அவருக்கு ஆபீசில் எவ்வளவு அவமானம், பாவம். பிறகு ஒரே வரியில், "என் கை மணிக்கட்டில் லேசா எலும்பு விரிசல் விட்டிருக்கு, பயப்படாதே." உடனே, அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார், கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. அவருடைய அண்ணன் மாதிரிக் குடித்துவிட்டுத் தெருவில் கத்துகிறவர் இல்லை. பாப்பா மேல் இதுவரை கை வைத்ததே இல்லை. போன வருஷம் கன்னத்தில் ஒரு அறை என்று சொன்னாய், அதற்கு முன்னால் வெறும் கத்தல் என்றாய். அடிப்பாவி, எங்கள் அறையில் ஐந்து பேர் சேர்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிற வேலையை நீ ஒருத்தியே செய்துவிட்டாயே! ஒரு இடம்கூட விடாமல் செய்திருக்கிறாய்.

அவர் முகம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. வலித்ததா, அழுதாயா, அன்று சமையலை யார் பார்த்தார்கள், ஒற்றைக் கையால் எப்படித் தலை பின்னுகிறாய், பாப்பா அப்போது எந்த அறையில் இருந்தாள், ஒன்றுமே இல்லை. அந்தக் கடிதத்தில் உன்னைத் தவிர எல்லோரும் இருக்கிறார்கள்.

அவர் அழுதது பொய் என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே அழுதிருப்பார். எங்கள் டிரைவரும் நிஜமாகத்தான் அழுகிறான், அதனால்தான் அடுத்த பாகம் எழுத முடிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, சின்னு. இவ்வளவு வருஷம் இதையே எழுதியவளுக்கு அடுத்தது என்ன வரும் என்று தெரியும்.

இங்கே மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. உன் அத்தானிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் உடனே எழுந்து போய் அந்த அறையில் கிடந்த பழைய சாமான்களை இறக்க ஆரம்பித்துவிட்டார். நம் வீட்டுப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, பாப்பாவுக்கு இடம் கிடைக்கும், கேட்டுவிட்டேன். பள்ளி அலுவலகத்து போனிலிருந்து ஒரே ஒரு தரம் கூப்பிடு. "அக்கா, வா" என்றால் போதும், காரணம் கேட்க மாட்டேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதோ கெட்டதோ நீ சொல்ல வேண்டாம்.

கல்யாணமான நாளிலிருந்து உனக்கு எழுதிய எல்லாக் கடிதத்தையும் "நீங்கள் இருவரும் பல்லாண்டு சேர்ந்து வாழ ஆசீர்வதிக்கும்" என்றுதான் முடித்திருக்கிறேன். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை.

நீ நன்றாக இரு, என் கண்ணு. பாப்பா நன்றாக இருக்கட்டும்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அக்கா