மாதிரி விடையில் ஒரு தகப்பன்

ஆத்தா, விடுதியில் சுகமாக இருக்கிறாயா?

உன் தமிழ்ப் பாட நாவலுக்கு நீ எழுதியனுப்பிய மாதிரி விடையை நம் ஏலக்காய்க் கடையிலேயே படித்தேன். முன்னுரை, கதைச்சுருக்கம், பாத்திரப் பண்பு, முடிவுரை என எல்லாத் தலைப்புக்கும் அடிக்கோடு. பாத்திரப் பண்பில், மகளின் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்கும் தகப்பனைக் கல்நெஞ்சன் என்கிறாய். எனக்கோ அவன் செய்தது சரியாகப் பட்டது.

"என்னையத்தான் சொல்றாளா?" என்று உன் அம்மாவிடம் கேட்டேன்.

"டீச்சர் போர்டுல எழுதிப் போட்டதை நாப்பது பிள்ளைகளும் மனப்பாடம் பண்ணுதுக. உங்களுக்கு ஏன் குத்துது?" என்றாள்.

அதிலிருந்து குழப்பம். எது உன் வார்த்தை?

தேவாரம் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை உனக்குப் பூ வைத்து நிச்சயம் செய்ய வருகிறார்கள். போர்டைப் பார்க்காமல், அந்தத் தகப்பனைப் பற்றி நாலு வரி வெரசா எழுது. நீயும் கல்நெஞ்சன் என்றே எழுதினால், அவர்களை வர வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா