வாத்தியார் பேண்ட்டைப் பிரித்த கை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்கிறீர்கள் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன் செய்தால் அவளிடம் அரை மணி நேரம், என்னிடம் சாப்பிட்டீங்களாப்பா என்ற ஒரு கேள்வி. போகட்டும். அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் உண்டு, படித்தால் தெரியும்.

கணக்கு வாத்தியாரை மறந்திருக்க மாட்டாய். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம்தான் தைக்கிறார். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும், நான் டேப்பைப் பிடித்து அளவைக் கூவுவேன், அம்மா மிஷினை நிறுத்திவிட்டு நோட்டில் எழுதுவாள். நோட்டில் வாத்தியாருக்கான பக்கத்தில் இடுப்பு முப்பத்திநாலு, பிறகு முப்பத்தைந்து, முப்பத்தாறு, அதன்பின் இரண்டு வருடம் ஒன்றுமே இல்லை. ஆள் வரவில்லை. போன வாரம் திடீரென்று வந்து ஒரு பேண்ட் வேண்டும் என்றார். மூச்சை விடச் சொல்லி, டேப்புக்குள் இரண்டு விரல் விட்டுப் பிடித்தால் முப்பத்தொன்பது! ஆனால் அவர் போட்டிருந்தது நான் முப்பத்தாறுக்குத் தைத்த அதே சாம்பல் பேண்ட். அது எப்படி இந்த இடுப்புக்கு ஏறும்? அளவுக்கு ஒரு பழைய பேண்ட் கொடுத்தனுப்புங்கள் என்றேன், மறுநாள் அதையே கொடுத்தனுப்பினார்.

உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் நடுத் தையலில் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் துணியை உள்ளே மடித்து விடுவது என் பழக்கம், ஆள் பெருத்தால் பிரித்து விடலாம் என்று. இடுப்புப் பட்டியையும் அதற்காகத்தான் பின்னால் இரண்டாக வெட்டி இணைப்பேன். யாரோ பெல்ட் மாட்டுகிற நடு லூப்பைக் கழற்றி, பட்டியைப் பிரித்து, அந்த மூன்று அங்குலத்தையும் விளிம்புவரை வெளியே எடுத்திருந்தார்கள். என் பழைய தையல் இருந்த இடத்தில் ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. வெயில் படாமல் உள்ளே இருந்த துணி வெளுக்காமல், நடுவில் கரும்பட்டையாக நின்றது. புதுத் தையல் கீழே போகப் போகக் குறுகி, பழைய தையலோடு சேர்ந்த இடமே தெரியவில்லை. வயிறு எரிந்தது மகளே. எதிர்காலத்துக்கென்று நான் விட்டுவைத்த துணியில் எவனோ பெயர் வாங்கிக்கொண்டான்!

பஸ் நிறுத்தத்துப் புது டைலர்தான், ஸ்டைலு என்று கூப்பிடுவார்களே, அவன்தான் என்று முடிவு கட்டினேன். நூல் வாங்குகிற சாக்கில் அவன் கடைக்குப் போய், மாட்டியிருந்த பேண்ட்டையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். என்ன சார் பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க என்று சிரித்தான். பின்னால் துணியே விடாமல் தைக்கிறவன். இந்தக் கை அவனுக்கு எந்த ஜென்மத்திலும் வராது.

வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தேன். லூப்பை இரண்டு தரம் குறுக்கே ஓட்டி, நூல் நுனியை வெட்டாமல் மடிப்புக்குள் செருகியிருந்தது. அப்படிச் செய்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். டீயோடு வந்த உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பேண்ட்டைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். நீங்க முப்பத்தாறுன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனீங்க, வெளிய நின்ன பிள்ளைங்க மறுநாள் வகுப்புல கூட்டல் கணக்குல அதையே சொல்லிச் சிரிச்சிருக்காங்க, பாவம் மனுஷன் அப்புறம் பேண்ட் இறுகினப்பல்லாம் பின்வாசல் வழியா எங்கிட்ட கொடுத்துட்டுப் போனாரு, இப்ப உள்ளே விட்ட துணி தீர்ந்துபோச்சு, அதான் உங்ககிட்ட வந்தாரு என்றாள். பின்வாசலில் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டேன். அதுக்குத் தனி நோட்டா போட முடியும் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஸ்டைலு பயலாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இவளை என்ன செய்வது? நான் சொல்லிக்கொடுத்த கை, என் கையைவிட நன்றாக இருக்கிறது. சொல்லவே பிடிக்கவில்லை, ஆனாலும் உண்மை.

ஆத்திரத்தில் நோட்டில் என் பக்கத்தைப் புரட்டினேன். கல்யாணத்திலிருந்து இடுப்பு முப்பத்திரண்டு, ஒவ்வொரு வருடமும் அதே முப்பத்திரண்டு. டேப்பைத் தொடாமலே அதே அளவுதான், எழுது என்று கூவுவேன், அவளும் எழுதுவாள். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடிப்பதும் உண்டு. என்னவோ தோன்றியது, கொடியில் கிடந்த என் பேண்ட்டை எடுத்துத் திருப்பினேன். பின்னால் நடுவில் அதே கரும்பட்டை. லூப்பில் அதே குறுக்குத் தையல். அடுத்ததை எடுத்தேன், அதிலும்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டேப்பை எடுத்து அளந்தேன். கூவவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தைக்குக் குளிர் ஆகாது, காதை மூடி வை. மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ என் ஆசி. நீ கேட்ட சட்டைக்கு உன் அளவை அனுப்பு, அம்மாவுக்கு அல்ல, எனக்கு. மெல்லப் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா