வெள்ளிக்கிழமை வரை திரும்பப் பெறலாம்

உங்கள் கல்லறைக்கு வந்து இரண்டு வருஷமாகியும் நான் மறக்காத என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

வேலையை விடுகிறேன். மூன்று மாத நோட்டீஸ் கொடுத்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமையோடு அது முடிகிறது. அதுவரைக்கும் 'திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு கடிதம் கொடுக்கலாம்; மேலிடம் ஒப்புக்கொண்டால் மறுபடி அதே நாற்காலி. வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டால் யாரிடம் போய் அழுதாலும் ஒன்றும் நடக்காது. இன்று செவ்வாய்.

நேரில் வந்து சொல்லியிருக்கலாம். உங்கள் கல்லறை இருக்கிற நாசரேத் ஒன்றும் தூரமில்லை. ஆனால் இந்த ஊரில் என்னைப்போல் தகப்பன் செத்ததால் வேலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் கேட்கட்டும் என்றுதான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் அலுவலகத்தில், காலைத் தேநீர் வருகிற நேரத்தில், மேசையிலேயே சாய்ந்தீர்கள். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்த நேரம். அடக்க ஆராதனை முடிந்து மண் போட்ட கையை நான் இன்னும் துடைக்கவில்லை, உங்கள் சங்கத்துக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, மூணு வருஷத்துக்குள்ள மனு குடுத்திரணும். அப்பா சர்வீஸ்ல இருக்கும்போதே போனாரு பாத்தியளா, அது ஒரு புண்ணியம்" என்றார். அம்மா தலையாட்டினாள். என் ஆராய்ச்சி அந்தத் தலையாட்டலோடு முடிந்தது.

இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். உங்கள் மேசையையே கொடுத்தார்கள். இருபத்தாறு வருஷம். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு மேலே போனார்கள்; ஒருவன், நான் எழுதிக்கொடுத்த குறிப்புகளில் கையெழுத்துப் போட்டே போனான். அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஆனால் மறக்கவும் மாட்டேன். உங்கள்மீதும் கோபம்தான். கொஞ்சம் பொறுத்துச் செத்திருக்கக் கூடாதா என்று உங்களைக் கேட்டிருக்கிறேன், பலமுறை.

போகிற இடம் எதுவென்று கேட்பீர்கள். உப்பளம். முத்தையாபுரத்துப் பக்கம் பத்து ஏக்கர், குத்தகைக்கு. உடையவர் வயதான ஓர் அண்ணாச்சி, பிள்ளைகள் சென்னையில். அவர் என்னைப் பாத்திகளுக்கு நடுவே நடத்திக் கூட்டிக்கொண்டு போய், "படிச்ச ஆளு நீங்க. ஒங்களுக்கு எதுக்கு இந்தக் கண்ணு கூசுத வேல?" என்றார்.

"படிச்சதுனாலதான் அண்ணாச்சி" என்றேன்.

"அது சரி. மழை வந்தா யார் மேல பெட்டிஷன் போடுவிய?"

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல். பெருவெள்ளம் வந்த டிசம்பரில் அவருடைய உப்புக் குவியல் மொத்தமும் ஒரே ராத்திரியில் கரைந்து போனது. குவியல் இருந்த இடத்தில் தண்ணீர்கூட வெறும் சேற்று நிறத்தில் இருந்ததாம். அதற்குப் பிறகுதான் குத்தகைக்கு விடுவதென்று முடிவு செய்திருக்கிறார். மனுஷர் எதையும் மறைக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

வேலையின் சூட்சுமம் எனக்குத் தெரியும், அப்பா. ஆழ்குழாயின் உப்புத் தண்ணீரைத் தெப்பத்தில் தேக்கி, வெயிலில் காய்ச்சி, அளவுக் குழாயில் உப்பின் செறிவு இருபத்தைந்து டிகிரி வந்ததும் பாத்திக்கு விட வேண்டும். உப்பு பூக்கும். இருபத்தொன்பதைத் தாண்ட விட்டால் மக்னீசியமும் சேர்ந்து இறங்கி, உப்பு கசக்கும், ஈரம் கோர்க்கும், விலை போகாது. பலர் ஆசைப்பட்டு இன்னொரு நாள் விட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். நான் கெடுக்க மாட்டேன். நான் படித்த படிப்பு இந்த நாலு டிகிரிக்குள்ளாவது பயன்படட்டும் என்று நினைக்கிறேன். ஆனால் வானத்தை அளக்கிற குழாய் என்னிடம் இல்லை. சீசனுக்கு நடுவே ஒரு மழை பெய்தால் பாத்தியை மறுபடி மிதித்து, முதலிலிருந்து. இரண்டு மழை பெய்தால் அந்த வருஷமே இல்லை.

ஒரு காலை அலுவலகத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு காலால் ஆழம் பார்க்கவும் முடியாது. நடத்தை விதிப்படி அரசு ஊழியன் அனுமதியில்லாமல் தொழில் செய்யக் கூடாது. பெண்டாட்டி பேரில் செய்கிறவர்கள் பக்கத்து மேசையிலேயே இருக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். குதித்தால்தான் ஆழம் தெரியும்.

குறைவதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் முடிந்திருந்தால் முழு ஓய்வூதியம்; எனக்கு இருபத்தாறு, அதனால் கையில் வருவது குறையும். அதில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கித்தான் குத்தகைக்குக் கட்டப்போகிறேன். அந்த அளவுக்கு மாத வரவு இன்னும் இளைக்கும். நல்லவேளையாக நான் பழைய திட்டத்துக்காரன், மாதாமாதம் ஏதோ ஒன்று வரும். எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்கு அந்தத் தைரியமும் கிடையாது. ராஜினாமா என்று எழுதியிருந்தால் இருபத்தாறு வருஷமும் தண்ணீரோடு போயிருக்கும். விருப்ப ஓய்வு என்று எழுதியதால் அது பிழைத்தது.

இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். போன வருஷம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். உங்கள் சொத்துதான். "வெயில்ல அலையாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உப்பளத்தில் வெயிலைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இதையெல்லாம் யோசித்து, பயந்து, ஆனாலும் போய்விடலாம் என்றிருந்தபோதுதான் அந்தக் கோப்பு வந்தது.

ஓய்வூதியக் கருத்துருவுக்காக என் பணிப்பதிவேட்டைச் சரிபார்த்தார்கள். பணியமைப்புப் பிரிவில் செல்வராணி என்று ஒரு பெண், கெட்டிக்காரி. என் முதல் நியமன ஆணையின் அசலைத் தேடிப் போனவள், கருணை வேலைக்கான பழைய கோப்பையே தூக்கிக்கொண்டு வந்தாள். "சார், இதுல ஒங்க அப்பா லெட்டரும் இருக்கு. பாக்கிறீங்களா?" என்றாள்.

உங்கள் கையெழுத்து. இருதயக் கோளாறு காரணமாக விருப்ப ஓய்வு கேட்டு மூன்று மாத நோட்டீஸ். கூடவே மருத்துவச் சான்று. அடுத்த தாளில், கெடு முடிய எட்டு நாள் இருக்கும்போது, இன்னொரு கடிதம்: 'குடும்பச் சூழ்நிலை காரணமாக எனது அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' தேதியைப் பார்த்தேன். கல்லூரி ஆசிரியர் நேர்காணலில் என்னைத் தள்ளிவிட்ட வாரம் அது. அதற்குப் பிறகு பதினோரு மாதம், அந்த நெஞ்சோடு, அந்த மாடிப்படியை ஏறி வந்திருக்கிறீர்கள்.

விதி உங்களுக்கு மனப்பாடம். விருப்ப ஓய்வில் போனால் பிள்ளைக்கு வேலை கிடையாது. மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெற்றாலும் குறிப்பிட்ட வயதுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் அதைத் தாண்டியிருந்தீர்கள். மிச்சமிருந்தது ஒரே வழி. பணியில் இருக்கும்போது சாவது.

அப்பா, அது தற்செயல் என்று இருபத்தாறு வருஷம் நம்பியிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

வீட்டுக்கு வந்து கிரேஸிடம் சொன்னேன். உங்கள் மருமகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

"அத்த சாவுறதுக்கு முன்னால எங்கிட்ட சொல்லிட்டாங்க. ஒங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க" என்றாள். பிறகு தலையைத் தூக்காமல், "மாமா ஒங்களுக்காக இருந்தாங்க. நீங்க நம்ம பையனுக்காக இருக்கக் கூடாதா?"

"இருக்கதுன்னா? என்ன சொல்லுத நீ?"

"இருக்கதுன்னா இருக்கதுதான். இன்னும் பத்து வருஷம் சம்பளம். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லலியே."

சொல்லவில்லைதான். அவள் கெட்டவள் இல்லை, அப்பா. டேனியலுக்கு இருபத்து மூன்று வயது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். ஒரு தாய் எதைத்தான் யோசிக்க மாட்டாள்? நான்தான் அந்த வாக்கியத்தின் மீதியை ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நோட்டீஸைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினேன். பொய் சொல்ல விரும்பவில்லை, எழுதிவிட்டேன். உங்கள் வாசகத்தையே பார்த்து எழுதினேன். நேற்று மதியம் அதை எடுத்துக்கொண்டு செல்வராணியின் மேசைக்குப் போனேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "சார், ஒங்க பையன் வெவரமான பையன்" என்றாள்.

"டேனியலா? அவன் எங்க இங்க வந்தான்?"

"போன புதன்கிழமை. நீங்க கலெக்டர் ஆபீஸ் மீட்டிங் போயிருந்தீங்கள்ல? கருணை வேலைக்கு வயசு வரம்பு என்ன, வெயிட்டிங் லிஸ்ட் எத்தன வருஷம் ஓடுதுன்னு கேட்டான். பிரெண்டு ஒருத்தனுக்காம்."

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன். படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியாக எண்ணினேன். முப்பத்தாறு. நீங்களும் எண்ணியிருப்பீர்கள்.

சாயங்காலம் அவனைக் கேட்டேன். சத்தம் போடவில்லை. "யாருலே அந்த பிரெண்டு?"

முகம் செத்துப் போய்விட்டது. "சும்மாதான் கேட்டேன்ப்பா. ஆஸ்பத்திரில நீங்க கெடந்தப்ப மாமா சொன்னாரு, தெரிஞ்சி வச்சிக்கோன்னு" என்றான். மாமா என்றது கிரேஸின் தம்பியை. பிறகு, "தப்பாப்பா?" என்று கேட்டான்.

தப்பு என்று எப்படிச் சொல்வேன்? இந்த வீட்டில் வேலை என்பது அப்படித்தான் வந்திருக்கிறது. அவனுக்கு வேறு வழியை யாரும் காட்டவில்லை, நான் உட்பட. நான் அந்த மேசையில் இருக்கிற ஒவ்வொரு நாளும், என் இருமலை இந்த வீடு ஒரு மாதிரியாகக் கேட்கும். நானும் அவர்கள் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சோற்றில் உப்பு கூடினால்கூடச் சந்தேகம் வரும். அப்படி ஒரு பத்து வருஷம் இருந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. உப்பளத்துக்குப் போகத்தான் தைரியம் இருக்கிறது.

அங்கே நான் தோற்கலாம். போன வாரம் பாத்தி மிதிக்க ஆள் பேசும்போதே தெற்கே மேகம் கட்டி நின்றது; மாசியில் மழை உண்டு என்கிறார்கள். பாத்தி வரப்பில் வெயிலில் விழுந்தும் கிடக்கலாம். அப்படி ஆனால் கிரேஸுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும், வேலை யாருக்கும் வராது. அந்தக் கோபம் எனக்குப் பிறகும் வீட்டில் இருக்கும். உங்கள்மேல் நான் வைத்திருந்ததைப்போல.

நீங்கள் செய்தது அன்பு என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு இன்னும் மன்னிக்க வரவில்லை. டேனியலும் என்னை மன்னிக்காமல் போகட்டும். ஆனால் வேறு காரணத்துக்காக.

ஆகையால், அப்பா, ஒரு வாக்குத் தருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால் வரைக்கும் என் இடத்தில் இருந்து, எழுத வேண்டியதை எழுதி, எந்தக் கடிதமும் கொடுக்காமல் அந்தப் படியில் இறங்குவேன். அதற்குப் பிறகு நான் எந்த நாளில் செத்தாலும், அடக்கத்தில் என் மகன் கையைப் பிடிக்கிற யாரும் அவனிடம் துக்கத்தைத் தவிர வேறெதையும் சொல்ல முடியாது.

உங்கள் சாவில் சம்பளம் வாங்கிய மூத்த மகன்,
ஜெபக்குமார்